மூலைக் காலம் 10 மி.மீ. இறங்கியிருக்கு: 5 மீட்டர் பீமில் எவ்வளவு மொமென்ட், விரிசல் எந்த முனையில்?

வியாசை_சைட்

வியாசர்பாடியில், கால்வாய்ப் பக்கம், தரையோடு மூணு தளம், தனித்தனி ஃபூட்டிங். கட்டி 4 வருசம் ஆகுது. பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டி மூணு வாரம் மோட்டார் வெச்சுத் தண்ணி இறைச்சாங்க. அதுக்கப்புறம் அந்த மூலைக் காலம் இறங்கின மாதிரி இருக்கு. டியூப் லெவல் பிடிச்சுப் பார்த்ததில் முதல் தள பீம் அடிமட்டம் மூலைப் பக்கம் 10 மி.மீ. தாழ்வு.

பீம் 230 × 450, ஸ்பேன் 5 மீ., எம்25, எஃப்ஈ500. மேல்கம்பி ரெண்டு முனையிலும் 16 மி.மீ. மூணு. ஸ்லாப், சுவர், சொந்த எடை எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 25 கி.நி. ரெண்டு முனையும் ஃபிக்ஸட் என்று வைத்து சாஃப்ட்வேரில் 10 மி.மீ. கொடுத்தால் மொமென்ட் மூணு மடங்கு ஆகி பீம் ஃபெயில் என்கிறது. ஆனால் கீழே போய்ப் பார்த்தால் மூலைக் காலம் பக்கத்தில் பீமில் ஒரு விரிசல்கூட இல்லை. கணக்கு தப்பா, கண் தப்பா?

ஓனர் மூலைப் பக்கம் பீமை 600 ஆழத்துக்கு ஜாக்கெட் போடலாமா என்று கேட்கிறார்.

---

கம்பிக்கட்டு

தம்பி, ஃபார்முலா எளிது. 6EIΔ/L² ரெண்டு முனையிலும் வரும். ஏற்கெனவே இருக்கிற wL²/12 கூட ரெண்டு பக்கமும் கூட்டிக்கோங்க. அதைத் தாங்குற அளவுக்கு மேல்கம்பி ரெண்டு முனையிலும் இல்லை, அதனால்தான் ஃபெயில் காட்டுது. இறங்கின பக்கம்தான் அதிகமா அடி வாங்கும், அங்கே ஜாக்கெட் போடுறது சரிதான்.

---

கொருக்குப்பேட்டை_ஃப்ரேம்

அளவு சரி, கூட்டினதுதான் தப்பு.

பீமின் ஒரு முனையை மட்டும் கீழே தள்ளி, ரெண்டு முனையும் திரும்பாமல் பிடித்தால் பீம் 'S' மாதிரி வளையும். இறங்காத முனையில் மேல்பக்கம் இழுபடும், இறங்கின முனையில் கீழ்ப்பக்கம் இழுபடும். நடுவில் வளைவு மாறுவதால் அங்கே பூஜ்யம். லோடால் வரும் மொமென்ட்டோ ரெண்டு முனையிலும் மேல்பக்கத்தைத்தான் இழுக்கும். அதனால் ஒரு பக்கம் கூட்ட வேண்டும், மறுபக்கம் கழிக்க வேண்டும்.

இந்த பீமுக்கே போட்டுப் பார்க்கலாம். இறங்காத உள்பக்கக் காலத்தை A என்றும் மூலைக் காலத்தை B என்றும் வைத்துக்கொள்கிறேன்.

```
E = 5000·√25 = 25000 N/mm²
I = 230·450³/12 = 1.747×10⁹ mm⁴
EI = 43,660 kN·m²

லோடு:    wL²/12  = 25·5²/12          = 52 kN·m
இறக்கம்: 6EIΔ/L² = 6·43660·0.01/5²   = 105 kN·m

A: 52 + 105 = 157  (மேல்பக்கம் இழுவை)
B: 52 − 105 = −53  (கீழ்ப்பக்கம் இழுவை)
நடு: wL²/24 = 26   (இறக்கத்தால் மாற்றம் இல்லை)
```

உங்கள் மேல்கம்பிக்கு, அதாவது 603 ச.மி.மீ.க்கு, அல்டிமேட் தாங்குதிறனே 94 சுற்றி வரும். சாஃப்ட்வேர் ஃபெயில் என்றது A முனையைப் பார்த்துத்தான், மூலைப் பக்கத்தை அல்ல.

மூலையில் விரிசல் இல்லை என்று ஆச்சரியப்படுகிறீர்கள். அங்கே இறக்கம் லோடு மொமென்ட்டைக் கழிக்கிறது. அங்கே இறக்கம் முதலில் மேல்கம்பியின் இழுவையைத்தான் குறைக்கிறது. அதைத் தின்று தீர்த்த பிறகுதான் கீழ்ப்பக்கம் இழுபடத் தொடங்கும். A-யில் விரிசல் பீமின் மேல்முகத்தில் திறக்கும், அதாவது ஸ்லாபுக்கு மேல், டைலுக்குக் கீழ். கீழே நின்று டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. மாடியில் A காலத்தை ஒட்டி டைல் இணைப்பு வாய் திறந்திருக்கிறதா, டைலைத் தட்டினால் பொக்கென்று சத்தம் வருகிறதா பாருங்கள். சந்தேகமென்றால் காலத்தின் முகத்தை ஒட்டி ஒரு டைலை எடுத்துவிட்டுப் பார்க்கலாம். பீம் அச்சுக்குக் குறுக்கே ஓடும் விரிசல்தான் நாம் தேடுவது.

---

எர்ணாவூர்_மேஸ்திரி

சார், நடுவில் 10 மி.மீ. தொய்வு என்றால் முட்டு சீக்கிரம் பிரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். 5 மீட்டர் பீமுக்கு 14 நாளாவது முட்டு நிற்கணும். நாலு வருசம் கழித்துக் கேட்டால் என்ன செய்ய முடியும்?

---

வியாசை_சைட்

மேஸ்திரி அண்ணா, நடுவில் தொய்வு இல்லை. பீமின் ஒரு நுனி காலத்தோடு சேர்ந்து கீழே இறங்கியிருக்கு. முட்டு நாங்க 16 நாள் விட்டோம்.

கொருக்குப்பேட்டை சார், மாடியில் A பக்கம் பார்த்தேன். காலத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் டைல் இணைப்பு நேர்கோட்டில் பிரிந்திருக்கு. டைல் இன்னும் எடுக்கலை. கீழே சுவரில் சாய்வான விரிசல் இருக்கு, A பக்கம் கீழே ஆரம்பித்து மூலைப் பக்கம் மேலே ஏறுது.

---

கொருக்குப்பேட்டை_ஃப்ரேம்

சுவர் சரியாகவே சொல்கிறது. மூலை இறங்கும்போது சுவர்ப் பலகம் சாய்சதுரமாகக் கோணுகிறது. A-யின் மேல் மூலையிலிருந்து B-யின் கீழ் மூலைக்குப் போகும் குறுக்குக்கோடு நீளும், இன்னொன்று சுருங்கும். நீளும் கோட்டுக்குக் குறுக்கேதான் சுவர் பிளக்கும். அதனால் விரிசலின் மேல்நுனி எப்போதும் இறங்கின காலத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இதே விரிசல் மூணு தளத்திலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஃபூட்டிங் இறக்கம் என்று ஏறக்குறைய உறுதி. ஒரு தளத்தில் மட்டும் என்றால் வேறு காரணம் தேடுங்கள். காலம் இறங்கினால் எல்லாத் தள பீமும் அதே 10 மி.மீ. இறங்கியாக வேண்டுமே.

---

மூலக்கொத்தளம்_டிசைன்

157 என்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அந்த 105, விரிசலே விடாத, க்ரீப்பே இல்லாத காங்க்ரீட்டுக்கான எண். இந்த பீம் 27 கி.நி.மீ. தாண்டினாலே விரிசல் விடும்: 3.5 நி./ச.மி.மீ. இழுவை என்று வைத்தால் அவ்வளவுதான் வருகிறது. லோடு மொமென்ட்டே 52. அப்படியென்றால் முனைகளில் பீம் ஏற்கெனவே விரிசல் விட்டதுதான், I முழுசாக இல்லை.

அதோடு க்ரீப். ஐ.எஸ். 456-இல் 28 நாள் வயதுக்கு க்ரீப் எண் 1.6. E-ஐ 2.6-ஆல் வகுத்தால் 105 என்பது 40 ஆகிவிடும். A-யில் மொத்தம் 92. தாங்குதிறன் 94. பீம் பாஸ், விடுங்க.

---

கொருக்குப்பேட்டை_ஃப்ரேம்

பாதி ஒத்துக்கொள்கிறேன். லோடு என்பது வெளியிலிருந்து வருவது, பீம் எப்படி வளைந்தாலும் அது குறையாது. இறக்கத்தின் மொமென்ட் பீமின் விறைப்பிலிருந்து பிறப்பது. பீம் இளகினால் அதுவும் இளகும். உங்கள் வாதத்தின் அடிப்படை இதுதான், அது சரி.

ஆனால் 1.6 தவறான இடத்தில் வந்திருக்கிறது. அது 28 நாளில் பாரம் ஏறிய காங்க்ரீட்டுக்கு. இங்கே இறக்கம் நாலாவது வருசத்தில் வந்தது. ஒரு வருச வயதுக்கே அந்தக் குறியீடு 1.1 தான் தருகிறது, அதற்கு மேல் இன்னும் குறையத்தான் செய்யும். 2.1-ஆல் வகுத்தால் 50. A-யில் 102. உங்கள் 'பாஸ்' போய்விட்டது.

இன்னொன்று. 94 என்பது அல்டிமேட் எண். அதோடு சர்வீஸ் மொமென்ட்டை நேருக்கு நேர் வைத்தால் மிச்சமிருக்கும் பாதுகாப்பு எவ்வளவு என்று தெரியாது. 92 வந்தாலும் கம்பியில் இழுவை 415 சுற்றி நிற்கும், யீல்ட் 500. விரிசல் அகலம் எந்தக் கணக்கிலும் ஏற்கும்படி இருக்காது.

---

மூலக்கொத்தளம்_டிசைன்

1.1 நியாயம், தப்பு என்னுடையது. ஆனால் உங்களிடமும் ஒரு கேள்வி. தண்ணி இறைத்து மூணு வாரத்தில் இறங்கினது. க்ரீப் வேலை செய்ய மாதக்கணக்கு, வருசக்கணக்கு ஆகும். இறக்கம் நடந்த அன்று க்ரீப் தள்ளுபடியே கிடையாது. அன்றைக்கு E முழுசு, I மட்டும் விரிசல் விட்டது. ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு பீமுக்கு 0.35 I என்கிறது. அது பூகம்பத்துக்கு என்று தெரியும், ஆனாலும் ஓர் அளவுக்கு எடுத்தால் 105 என்பது 37 ஆகிறது. க்ரீப்பையும் விரிசலையும் ரெண்டையும் முழுசாகப் பெருக்கிக் குறைப்பதும் தப்பு, விரிசல் விட்ட பீமில் வேலை செய்வது பெரும்பாலும் கம்பி, கம்பிக்கு க்ரீப் இல்லை. ஆக என் கை 37-இலிருந்து 50-க்குள் நிற்கும்.

---

கொருக்குப்பேட்டை_ஃப்ரேம்

அந்த வரம்பு எனக்குச் சம்மதம். 0.35-ஐ இதற்குப் பயன்படுத்துவதில் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. விரிசல் முனைகளில்தான், நடுப்பகுதியில் நீண்ட தூரம் பீம் விரிசலே விடாமல் இருக்கலாம். ஆனால் வாதத்தை அங்கே நீட்டவில்லை.

E, I எதிலும் நம்பிக்கையில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மொமென்ட்டை விட்டுவிட்டு ஸ்ட்ரெயினைப் பாருங்கள், அதில் EI அடித்துப்போய்விடும்.

```
ε = 3·D·Δ/L² = 3·0.45·0.01/5² = 0.00054
```

காங்க்ரீட் இழுவையில் 0.00014 சுற்றியே விரிசல் விடும் (3.5/25000). அதைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு. E என்ன என்று சண்டையே வேண்டாம், விரிசல் வந்தே தீரும்.

ஓனரின் ஜாக்கெட் யோசனைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. D மேலே, தொகுதியில் நிற்கிறது. பீமை 600 ஆக்கினால், இதற்கு மேல் வரும் ஒவ்வொரு மி.மீ. இறக்கத்துக்கும் ஸ்ட்ரெயின் 600/450 மடங்கு, மொமென்ட் அதன் கனம், 2.37 மடங்கு. அதுவும் மொமென்ட் கழிந்துபோன மூலை முனையில் போடுவது, அடி வாங்கிய A முனையை விட்டுவிட்டு. லோடுக்கு பீம் பத்தாது என்றால் ஆழம் கூட்டுவது மருந்து. மண் இறங்குவதற்கு அது மருந்தாகாது.

---

கம்பிக்கட்டு

கூட்டல் கழித்தல் புரிந்தது சார், நான் சைனைக் கவனிக்கலை. ஆனால் இறங்கின காலத்துக்கு லோடு கூடும் என்று சொல்வேன். அது தப்பா?

---

கொருக்குப்பேட்டை_ஃப்ரேம்

தப்புதான், நேர்மாறு. 12EIΔ/L³ போட்டால் 42 கி.நி. வரும். A-யில் ரியாக்ஷன் 62.5-லிருந்து 104 ஆகிறது, B-யில் 21 ஆகிறது. விறைப்பு குறைந்த கணக்கில் அந்த 42 என்பது 15-லிருந்து 20-க்குள் நிற்கும். இறங்கும் காலத்திலிருந்து பீம் லோடைப் பிடுங்கிப் பக்கத்துக் காலத்தில் போடுகிறது, அதுவும் ஒவ்வொரு தளத்திலும். அதனால் B-யின் இறக்கம் கொஞ்சம் தானாக அடங்கும். A-யின் ஃபூட்டிங்குக்கு யாரும் கணக்குப் போடாத பாரம் ஏறும். A-க்குக் கீழேயும் அதே மண்தானே. டியூப் லெவல் பிடிக்கும்போது A-யையும் அதற்கு அடுத்த காலத்தையும் சேர்த்துப் பிடியுங்கள்.

---

தண்டையார்பேட்டை_இரண்டாம்_தெரு

எங்கள் வீட்டிலும் இதே மாதிரிதான், ஆனால் விரிசல் வேறு இடத்தில். இறங்கின காலத்திலிருந்து கழிவறை, படிக்கட்டுப் பக்கம் போகும் சின்ன பீம், 3 மீட்டர்தான், 230 × 300. அதில் இறங்கின காலத்தை ஒட்டியே, கீழேயிருந்து மேலே ஒரே ஒரு தடித்த விரிசல். நீங்கள் இறங்கின முனையில் ஒன்றும் வராது என்கிறீர்களே? இறக்கம் 6 மி.மீ. என்று அளந்தார்கள். கீழ்க்கம்பி 12 மி.மீ. ரெண்டு.

---

கொருக்குப்பேட்டை_ஃப்ரேம்

வராது என்று பொதுவாகச் சொல்லவில்லை, அந்த 5 மீட்டர் பீமின் கழித்தல் கணக்கைச் சொன்னேன். உங்களுடையதில் L சின்னது. இறக்க மொமென்ட் L²-ஆல் வகுபடுவதால் ஸ்பேன் குறையக் குறைய அது ஏறும், லோடு மொமென்ட்டோ L²-ஆல் இறங்கும். சின்ன பீமில் இரண்டும் எதிரெதிராக ஓடுகின்றன.

```
230×300, L = 3 m, Δ = 6 mm, w = 15 kN/m என்று வைத்தால்
EI = 12,940 kN·m²
இறக்கம்: 6·12940·0.006/9 = 52,  க்ரீப்போடு 52/2.1 ≈ 25
லோடு:    15·9/12 = 11
இறங்கின முனை: 11 − 25 = −14 kN·m
```

லோடு மொமென்ட்டை முழுசாகத் தின்று, திசையே மாறிவிட்டது. இறங்கின முனையில் பீமின் அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கே கீழ்க்கம்பி எவ்வளவு நீளம் காலத்துக்குள் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. லோடை மட்டும் பார்த்து வரைந்தால் முனையில் கீழ்க்கம்பிக்கு வேலையே இல்லை, அதனால் 230 அகலக் காலத்துக்குள் சும்மா 200 மி.மீ. நீட்டி நிறுத்துவார்கள், வளைப்பு இருக்காது. 12 மி.மீ. எஃப்ஈ500 கம்பிக்கு எம்25-இல் முழுப்பிடி 580 சுற்றி வேண்டும். 200-இல் கிடைப்பது மூணில் ஒரு பங்கு வலு, அதாவது 8 கி.நி.மீ. கூட வராது. கேட்பது 14.

'ஒரே ஒரு தடித்த விரிசல்' என்ற உங்கள் சொல்தான் முக்கியம். கம்பி பிடித்திருந்தால் மெல்லிய விரிசல் மூணு நாலு பரவி வரும். காலத்தின் முகத்தில் ஒன்றே ஒன்று வாய் பிளந்தால் கம்பி உருவிக்கொண்டு வருகிறது என்று நினைக்கலாம். சிமென்ட் பூசி மூடாதீர்கள், கம்பி எங்கே முடிகிறது என்று ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள்.

---

மூலக்கொத்தளம்_டிசைன்

உங்கள் சைட்டிலும் இதை கவனிக்கணும், @வியாசை_சைட். உங்கள் மூலைக் காலத்துக்கு மறுதிசையில் போகும் பீம் எவ்வளவு ஸ்பேன்?

இன்னொன்று: ரெண்டு முனையும் ஃபிக்ஸட் என்பதே ஒரு கற்பனை. 230 × 300 காலம் கொஞ்சமாவது திரும்பும், அதிலும் மொட்டை மாடித் தளத்தில் மூலைக் காலத்துக்கு மேலே காலமே கிடையாது, கீழே ஒன்றுதான். அங்கே ஃபிக்ஸிட்டி குறைவு, மொமென்ட்டும் குறைவு. ஒரு முனை முழுசாகத் திரும்பிவிட்டால் 6 போய் 3EIΔ/L² ஆகிவிடும். ஒற்றை பீமை எடுத்துக் கணக்குப் போடுவதை விட மொத்த ஃப்ரேமில் அந்த ஃபூட்டிங்குக்கு இறக்கம் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

---

வியாசை_சைட்

மறுதிசை பீம் 4.2 மீ., 230 × 450. அப்ப அதுவும் பார்க்கணும்.

ஒரு சந்தேகம். 10 மி.மீ. என்று நான் அளந்தது எல்லாம் இப்ப நடந்த இறக்கம்தானா? கட்டும்போதே சென்ட்ரிங் ஒரு பக்கம் தாழ்வாக இருந்திருந்தால்?

---

கொருக்குப்பேட்டை_ஃப்ரேம்

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

பீம் காங்க்ரீட் இறுகின பிறகு நடக்கும் இறக்கம் மட்டுமே அதில் மொமென்ட் தரும். அதற்கு முன்னால் ஃபூட்டிங் இறங்கியிருந்தாலோ, சென்ட்ரிங் பலகை தாழ்வாக இருந்திருந்தாலோ பீம் அந்தச் சாய்விலேயே பிறந்திருக்கும், உள்ளே ஒரு கி.நி.மீ. கூட இருக்காது. 10 மி.மீ. வித்தியாசம் சென்ட்ரிங்கில் வருவது சாதாரணம்.

பிரித்துப் பார்க்கச் செங்கல் வரிசைதான் வழி. சுவர் பீமுக்குப் பிறகு கட்டினது, மேஸ்திரி நூல் பிடித்து மட்டம் பார்த்துத்தான் வரிசை வைத்திருப்பார். பூச்சை ரெண்டு முனையிலும் ஓர் அடி தட்டி, ஒரே செங்கல் வரிசையின் மேல்மட்டத்தை ரெண்டு பக்கமும் டியூப் லெவலில் பிடியுங்கள். பீம் சாய்ந்து வரிசை மட்டமாக இருந்தால் சென்ட்ரிங் குறை. வரிசையும் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வு சுவர் கட்டின பிறகு வந்தது. டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் பாருங்கள், ஒரே அளவை ரெண்டு தடவை, ஆள் மாறி நின்று எடுங்கள். குமிழி இருந்தால் 3, 4 மி.மீ. சுலபமாகப் பொய் சொல்லும்.

---

எர்ணாவூர்_மேஸ்திரி

இது சரி. வரிசை பொய் சொல்லாது. ஆனால் பீமுக்கு அடியில் கடைசி வரிசையைப் பார்க்காதீங்க, அதை இடுக்குக்குத் தகுந்த மாதிரி வெட்டிச் செருகியிருப்போம். தரையிலிருந்து நாலாவது, அஞ்சாவது வரிசை பாருங்க.

---

வியாசை_சைட்

நாலாவது வரிசை பிடித்தேன், ரெண்டு தடவை. மூலைப் பக்கம் 6 மி.மீ. தாழ்வு. பீம் அடிமட்டம் மறுபடி 10 தான். A காலமும் அதற்கு அடுத்ததும் ஒரே மட்டம்.

---

கொருக்குப்பேட்டை_ஃப்ரேம்

அப்படியென்றால் 4 மி.மீ. பிறவிக் குறை. Δ = 6 என்று வைத்தால் முழு விறைப்பில் 63, நம்முடைய வரம்பில் 22-இலிருந்து 30 வரை. A-யில் மொத்தம் 74-இலிருந்து 82. கம்பி இழுவை 330-இலிருந்து 370. யீல்ட் ஆகவில்லை, ஆனால் மேல்முகத்தில் விரிசல் இருக்கும், டைல் பிரிந்ததும் அதனால்தான் இருக்கும். B முனை இன்னும் மேல்பக்க இழுவையில்தான் நிற்கிறது, அதனால் நீங்கள் அங்கே விரிசல் பார்க்காததும் பொருந்துகிறது.

4.2 மீட்டர் பீமில் அதே 6 மி.மீ.க்கு முழு விறைப்பில் 89 வரும். அதன் லோடு என்ன என்று தெரியாமல் மேலே சொல்ல மாட்டேன்.

ஐ.எஸ். 1904 தனி ஃபூட்டிங் வைத்த ஆர்.சி. ஃப்ரேமுக்கு அனுமதிக்கும் வித்தியாச இறக்கம் 0.0015 L. 5 மீட்டருக்கு 7.5 மி.மீ. நீங்கள் 6-இல் இருக்கிறீர்கள். 4.2-க்கு வரம்பு 6.3, விளிம்பு.

---

மூலக்கொத்தளம்_டிசைன்

வரம்புக்குள் இருக்கு என்று விட்டுவிடலாமா? எனக்கு உடன்பாடில்லை. மணலில் தண்ணி இறைத்து வந்த இறக்கம் என்றால் மோட்டார் நின்றதும் நின்றுவிடும். நடுவில் களிமண் அடுக்கு இருந்தால் மோட்டார் நின்ற பிறகும் கொஞ்ச நாள் ஊரும். மண் ரிப்போர்ட்டில் களிமண் இருக்கா?

---

வியாசை_சைட்

ரிப்போர்ட்டில் மேலே 2 மீட்டர் நிரவல் மண், அதற்குக் கீழே 1.5 மீட்டர் சாம்பல் நிறக் களிமண், அப்புறம் மணல். ஃபூட்டிங் நிற்பது அந்தக் களிமண் மேல்.

---

கொருக்குப்பேட்டை_ஃப்ரேம்

அப்ப முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. A பக்க மேல்விரிசலுக்கும் சுவர் விரிசலுக்கும் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டுங்கள், பூச்சில் அல்ல, செங்கலில், காங்க்ரீட்டில் பிடிக்கிற மாதிரி. தேதி எழுதுங்கள். பக்கத்து மனையில் மோட்டார் முழுசாக நின்ற தேதியையும் அதே இடத்தில் எழுதுங்கள். நாலாவது வரிசை லெவலைப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பிடியுங்கள், மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டாயம். கண்ணாடி உடையாமல், லெவல் மாறாமல் இருந்தால் அதற்கப்புறம் A-யில் டைலை எடுத்து எபாக்ஸி ஊசி போடலாம். இப்போதே போட்டால் அடுத்த மி.மீ. இறக்கத்துக்கு அதற்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும்.

ஜாக்கெட் வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவிடுங்கள்.

---

வியாசை_சைட்

மோட்டார் நேற்றுதான் எடுத்தாங்க. கண்ணாடி இன்றைக்கு ஒட்டிடறேன். 4.2 மீட்டர் பீமோட லோடு கணக்கு நாளைக்குப் போடறேன்.